ஒரு செட்டிங்கில் எத்தனை பீஸ் ஓட்டுவது, ஒரு பீஸ் என்ன அடக்கம் ஆகும்?

கேள்வி: சார், கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு EN8 புஷ் மாசம் 1,000 வீதம் கொடுக்கிறேன், வாரா வாரம் வந்து எடுத்துக்கொள்வார்கள். இப்போது 500, 500 ஆக ஓட்டுகிறேன். செட்டிங்கிலேயே நேரம் போகிறது. ஒரேயடியாக 6,000 ஓட்டி வைத்துவிடலாமா? ஒரு பீஸ் எனக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: 500 ரொம்பக் குறைவு, 6,000 ரொம்ப அதிகம். உங்கள் வேலைக்கு 2,000 பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் பில்களை நான் பார்க்கவில்லை, அதனால் இந்த மாதிரி பட்டறைக்குப் பொருந்தும் எண்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன், அந்த இடங்களில் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் செட்டிங் செலவு. ஜாப் மாற்றி, ஜா போட்டு, டூல் ஆஃப்செட் பார்த்து முடிக்க 3 மணி நேரம், மெஷின் மணி ரேட் 360 என்றால் 1,080. முதல் பீஸை அளந்து ஓகே சொல்லும் வரை மெஷின் நிற்கும் அரை மணிக்கு 180. ட்ரையலில் போகும் 5 பீஸுக்கு, ஸ்கிராப் விலை போக பீஸுக்கு 48 வீதம் 240. மொத்தம் 1,500. இது 10 பீஸ் ஓட்டினாலும் 10,000 ஓட்டினாலும் மாறாது, அதனால்தான் பேட்ச் பெரிதாக ஆக பீஸுக்கு விழும் பங்கு குறைகிறது.

அடுத்து பீஸுக்கு நேரடியாக ஆகும் செலவு. டர்னிங் ஸ்கிராப் விற்ற காசைக் கழித்து மெட்டீரியல் 62, நாலு நிமிஷம் மெஷினிங் 24, இன்சர்ட் 2, பர் எடுத்து எண்ணெய் தடவி பேக் செய்ய 2. ஆக 90 ரூபாய்.

மூன்றாவது, ஸ்டாக் வைத்திருக்கும் செலவு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், 6,000 ஓட்டலாம் என்ற யோசனை வருவதும் அதனால்தான். ஓட்டி வைத்த ஒவ்வொரு பீஸிலும் உங்கள் 90 ரூபாய் தூங்குகிறது. சிசி வட்டி 12 சதவீதம், துரு, இன்ஷூரன்ஸ், டிராயிங் மாறிவிடும் ரிஸ்க் எல்லாம் சேர்த்து 3 சதவீதம், ஆக 15 சதவீதம் வைத்தால் ஒரு பீஸ் ஒரு வருஷம் கிடந்தால் 13.50. சொந்த ஷெட்டில் சும்மா கிடக்கும் மூலைக்கு வாடகை போடாதீர்கள், அது கைக்காசு இல்லை. பார்ட்டி 60 நாள் கழித்துப் பணம் தருவதையும் இதில் சேர்க்கக் கூடாது. அந்த வட்டி டெலிவரிக்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கிறது, பேட்ச் சின்னதோ பெரிசோ அது மாறாது. விலை பேசும்போது அதைத் தனியாகப் போடுங்கள்.

சரி, இப்போது சூத்திரம். EBQ என்பது செட்டிங் செலவும் ஸ்டாக் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வரும் பேட்ச் அளவு. புத்தகத்தில் இருப்பது முதல் வரி, உங்களுக்கு வேண்டியது இரண்டாவது:

```
EBQ = sqrt(2*D*S / C)
EBQ = sqrt(2*D*S / (C*(1 - d/p)))
```

D என்பது வருஷத் தேவை 12,000. S செட்டிங் 1,500. C என்பது 13.50. d தினம் போகும் பீஸ், p தினம் ஓட்டும் பீஸ். முதல் வரி, 2,000 பீஸும் ஒரே நாளில் உங்கள் ரேக்கில் வந்து உட்கார்வதாக நினைத்துக்கொள்கிறது. கடையில் வாங்கி வைக்கும் சரக்குக்கு அது சரி. ஆனால் நீங்கள் நாளைக்கு 120 ஓட்டும்போதே சராசரியாக 40 போய்க்கொண்டிருக்கிறது (300 வேலை நாள்), அதனால் ஸ்டாக் முழுசாக ஏறுவதே இல்லை, மூன்றில் இரண்டு பங்குதான் ஏறும். முதல் வரியில் 1,633 வருகிறது, இரண்டாவதில் சரியாக 2,000.

2,000 என்றால் வருஷத்துக்கு 6 செட்டிங், 9,000 ரூபாய். ஸ்டாக் செலவும் 9,000. இரண்டும் சமமாக வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் எங்கேயோ எண் தவறியிருக்கிறது. பெரும்பாலும் D-யை மாசத்துக்கும் C-யை வருஷத்துக்கும் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் 577 என்று ஒரு விடை வரும், பார்க்க நியாயமான எண் மாதிரிதான் இருக்கும், ஆனால் தப்பு.

இப்போது நீங்கள் ஓட்டும் 500-ல் வருஷத்துக்கு 24 செட்டிங், 36,000. ஸ்டாக் செலவோடு 38,250. 2,000-ல் மொத்தமே 18,000. 1,500 ஓட்டினால் 18,750, 3,000 ஓட்டினால் 19,500. அதாவது 2,000 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, ராடு எத்தனை வந்திருக்கிறது, மெஷின் என்றைக்கு ஃப்ரீ ஆகும் என்று பார்த்து 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில் எங்கே வசதியோ அங்கே நிறுத்தலாம். 6,000 போனால் செட்டிங் 3,000 தான், ஆனால் ஸ்டாக் 27,000, மொத்தம் 30,000.

இனி பீஸ் அடக்கம். பேட்ச் செலவை ஓட்டிய பீஸால் வகுக்காதீர்கள், பாஸ் ஆன பீஸால் வகுங்கள். 2,000 பீஸுக்கு 1,80,000, செட்டிங் 1,500, மொத்தம் 1,81,500. 2 சதவீதம் ரிஜெக்ட் என்றால் 40 பீஸ், ஸ்கிராப்பில் 14 வீதம் 560 திரும்பும். மீதி 1,80,940, பாஸ் ஆனது 1,960, பீஸ் 92.32. ஸ்டாக் செலவு 75 பைசா சேர்த்தால் 93.07. இதே கணக்கை 500-க்குப் போட்டால் 94.80. ட்ரையல் பீஸை ஏற்கெனவே செட்டிங்கில் வைத்துவிட்டோம், அதை ரிஜெக்ட்டிலும் எண்ணினால் இரண்டு தடவை ஏறும். ஆபீஸ் செலவும் லாபமும் இதன் மேல்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள், ஏனென்றால் விடையை அதிகமாக ஆட்டுவது அதுதான். செட்டிங் நேரத்துக்கு 360 வீதம் போட்டோமே, அந்த நேரத்தில் மெஷினுக்கு வேறு வேலை இருக்கிறதா? ஆர்டர் இல்லாமல் மெஷின் நிற்கிறது, செட்டருக்கு மாசச் சம்பளம் என்றால், செட்டிங்கில் உங்கள் கையை விட்டுப் போவது ட்ரையல் பீஸின் 240 தான், விடை 800 பீஸுக்கு இறங்கிவிடும். மாறாக வேறு ஜாப் வரிசையில் நிற்கிறது, அதில் மணிக்கு 600 மிஞ்சும் என்றால் அந்த 600-ஐத்தான் போட வேண்டும், செட்டிங் 2,340 ஆகி விடை 2,500 பக்கம் ஏறும். அதனால் மந்தமான மாசத்திலும் பிசியான மாசத்திலும் ஒரே பேட்ச் ஓட்டுவதில் அர்த்தமில்லை. விலை பேசும்போது மட்டும் முழு 1,500-ஐ வையுங்கள், மந்தமான மாசத்துக் கணக்கில் ரேட் கொடுத்தால் பிசியான மாசத்திலும் அதே ரேட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

ராடு பார்ட்டியே கொடுத்து நீங்கள் லேபர் மட்டும் செய்வதானால் பீஸில் கிடக்கும் உங்கள் பணம் 28 தான், C 4.20 ஆகி விடை 3,500-ஐத் தாண்டும். ஆனால் அது அவர்கள் சரக்கு, எவ்வளவு கிடக்கலாம் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு வந்த சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

2,000-க்குப் போகும் முன் சிசி லிமிட்டைப் பாருங்கள். பேட்ச் முடியும் நாளில் சுமார் 1,330 பீஸ், அதாவது 1.2 லட்சம் ரேக்கில் நிற்கும். ராடு முழுசும் ஒரே லோடாக எடுத்தால் அது முன்கூட்டியே மாட்டும். லிமிட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால் 1,500 ஓட்டுங்கள், வருஷத்துக்கு 750 ரூபாய்தான் வித்தியாசம்.