எடை மெஷின் இல்லாத இடத்தில் கைச் சுற்றளவு

கேள்வி: ஏற்காட்டுப் பக்கம் ரோடு இல்லாத ஊருக்கு மாதம் ஒருமுறை போகிறோம். எடை மெஷின் தூக்கிப் போக முடியவில்லை. குழந்தைகளும் படுத்திருக்கும் பெரியவர்களும் ரொம்ப மெலிந்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்வராயன் மலையில் செவிலியராகப் பல வருஷம் நடந்தவள் நான். மேல் கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளந்தால் தெரிந்துவிடும், அதற்கு ஒரு டேப் போதும். நீளாத தையல் டேப்பாக இருக்கட்டும். பழைய துணி டேப் இழுபட்டிருக்கும், இரும்பு ஸ்கேலில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

மலையில் பெரிய தொந்தரவே ஸ்வெட்டர்தான். ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கு, உடன் வந்த பெண் ஸ்வெட்டருக்கு மேலேயே அளந்தார். 12.9 செ.மீ. வந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 12.5-உம் அதற்கு மேலும் இருந்தால் கவலையில்லை என்பது கணக்கு. எனக்கு மனசு ஒப்பவில்லை. "குளிருமே" என்று அம்மா தயங்கினார். அடுப்புப் பக்கம் உட்காரவைத்து இடது கையை மட்டும் வெளியே எடுத்தோம். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி ஏற்றினால் போதாது, சுருட்டின துணி சதையை அழுத்தும், டேப்பும் நடுப்பகுதிக்குப் போகாது.

முழங்கையை மடக்கித் தோள் எலும்பு நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்தேன், 16 செ.மீ. பாதியான எட்டில் பேனாவால் புள்ளி வைத்தேன். அப்புறம் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றினேன். சதை அமுங்கவும் கூடாது, இடைவெளியும் கூடாது. 11.9 வந்தது. இரண்டாம் முறையும் அதுவேதான்.

11.5-க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 11.5 முதல் 12.5-க்குள் நடுத்தர ஊட்டக்குறைவு. ஒரு சென்டிமீட்டர் துணி அந்தக் குழந்தையை "நல்லா இருக்கு" பட்டியலில் சேர்த்திருக்கும்.

இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், கை அளவு எவ்வளவு இருந்தாலும் உடனே சேலத்துக்கு இறக்க வேண்டியதுதான். கை அளவு நன்றாக இருந்தும் உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் உண்டு. அதனால் சந்தேகமிருந்தால் அடுத்த முறை எப்படியாவது எடையும் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த எல்லைகள் பொருந்தாது.

அதே வீட்டுப் பாட்டிக்கும் இதே முறைதான். பெரியவர்களுக்கு 23.5-க்குக் கீழே இருந்தால் பிஎம்ஐ 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு 21.5. ஆனால் ஒரே அளவை விட மாற்றம்தான் அதிகம் சொல்லும். 24 இருந்தது சில மாதத்தில் 21.6 ஆனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, எடையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இறங்கியிருக்கும். வாதம் வந்த கையிலும் வீங்கின கையிலும் அளக்காதீர்கள். எந்தக் கையில் அளந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள், அடுத்த மாதம் வேறொருவர் போனாலும் அதே கையைப் பிடிக்க வேண்டும்.