லெஹாயிம் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

இஸ்ரேலில் ரெஹோவோத் நகரில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் நெடுநாள் வேலை பார்த்த ஓர் அம்மா இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். எந்த ஃப்ரீசரில் எது இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். விருந்தில் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, 'லெஹாயிம்' சொல்லிக் கோப்பையைத் தூக்க வேண்டுமாம். அதற்கு நேர்ப்பொருள் என்ன? எப்போதெல்லாம் சொல்வார்கள்? நான் குடிப்பதில்லை, சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எபிரேய மொழியில் 'ஹாயிம்' என்றால் வாழ்வு. முன்னால் நிற்கும் 'லெ' நம் நான்காம் வேற்றுமை உருபு மாதிரி. ஆக, 'வாழ்வுக்கு'. அவ்வளவுதான். 'ஹா'வை மட்டும் தொண்டையின் அடியிலிருந்து கொஞ்சம் உரசலோடு சொல்லுங்கள், ஏறக்குறைய 'அஃது' என்பதில் வரும் ஆய்தம் போல. இன்றைய எபிரேயத்தில் அழுத்தம் கடைசியில், 'யிம்' மேல் விழும்.

எப்போது சொல்வார்கள் என்றால், கல்யாணம், குழந்தை பிறப்பு, புது வீடு என எல்லா நல்ல காரியத்துக்கும். ஹசிதியர் என்ற ஆசார யூதப் பிரிவினரிடம் நிச்சயதார்த்த விருந்துக்குப் பெயரே 'லெஹாயிம்'தான். இறந்தவரின் வருஷ நினைவு நாளில்கூட, காலைத் தொழுகை முடிந்ததும் ஜெப ஆலயத்தில் ஆளுக்கொரு சிறு கோப்பை ஊற்றி லெஹாயிம் சொல்வது பல இடங்களில் வழக்கம். ஆனால் துக்கம் நடக்கும் முதல் ஏழு நாட்களில் அந்த வீட்டில் கோப்பையைத் தூக்கிவிடாதீர்கள். அலுவலகங்களில் யூதப் புத்தாண்டுக்கும் பஸ்காவுக்கும் முன்னால் 'ஹராமத் கோசித்', அதாவது கோப்பை தூக்குதல், என்று சின்னக் கூட்டம் நடக்கும். உங்கள் விருந்தும் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பழைய சேதி உண்டு. மரண தண்டனைக்குக் கொண்டுபோகப்படுபவனுக்கு வலி மரத்துப்போக மது கொடுப்பார்கள் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. ஆக, ஒருவர் கையில் மதுக்கோப்பை தரப்படுவது எப்போதும் நல்ல செய்தியாக இருந்ததில்லை. ஸ்பெயின் வழி வந்த செபார்திய யூதர் வீடுகளில் ஓய்வுநாள் இரவு, கோப்பை ஏந்தியவர், குடிப்பதற்கு முன் இறைவனைப் போற்றும் ஆசியைச் சொல்லும் முன் "சாவ்ரி மாரனான்" என்று பெரியவர்களின் சம்மதம் கேட்பார். சுற்றி இருப்பவர்கள் "லெஹாயிம்!" என்பார்கள். இது வாழ்வுக்கான கோப்பை, சாவுக்கானது அல்ல என்று சொல்வதாக அதற்கு விளக்கம் தருகிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் பேச்சு தானாக அமைந்துவிடும். பணி ஓய்வு விருந்தில் நம்மவர்கள் பேச ஆரம்பித்தால் பாதி இரங்கல் கூட்டம் போல ஆகிவிடும்: "இனி யார் இருக்கிறார்கள் எங்களுக்கு" என்று. லெஹாயிமுக்கு முன்னால் அது ஒட்டாது. நான் சொல்வதாக இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்:

"எந்த ஃப்ரீசரில் எது இருக்கிறது என்று இனி நாங்கள் படித்துக்கொள்கிறோம். முடியாவிட்டால் போன் செய்வோம், தயவுசெய்து எடுங்கள். தோதா அல் ஹகோல். அத் மேஆ வெஎஸ்ரிம். லெஹாயிம்!"

'தோதா அல் ஹகோல்', எல்லாவற்றுக்கும் நன்றி. 'அத் மேஆ வெஎஸ்ரிம்', 120 வரை. மோசே 120 வயது வாழ்ந்தார் என்பதால் நீண்ட ஆயுளுக்கு அப்படி வாழ்த்துவார்கள். நம் 'நூறாண்டு வாழ்க' அங்கே இருபது ஆண்டு குறைத்த மாதிரி ஆகிவிடும். லெஹாயிமைக் கடைசியில் சொல்லுங்கள், ஏனென்றால் அதைக் கேட்டதும் எல்லோர் கையும் உயர்ந்துவிடும், அதற்குப் பிறகு பேசுவது யார் காதிலும் விழாது.

குடிக்காதது ஒரு பிரச்சினையே இல்லை. திராட்சைச் சாறு போதும். மத ஆசாரத்திலும் திராட்சைச் சாற்றுக்கு மதுவுக்குரிய அதே ஆசிதான்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆசாரமான யூதர்கள் யாராவது இருந்தால், மதுப்புட்டியை நீங்கள் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம். யூதரல்லாதவர் கைபட்ட திராட்சை மதுவை அவர்கள் குடிப்பதில்லை, சாற்றுக்கும் அதே விதி. சூடாக்கிப் பதப்படுத்திய வகைக்கு இந்தத் தடை இல்லை, புட்டியில் 'மெவுஷால்' என்று போட்டிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் புட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது சுலபம். பீருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

நீங்கள் லெஹாயிம் சொன்னதும் சிலர் பதில் சொல்லாமல் உதடு அசைத்துக்கொண்டு நிற்கலாம். ஆசி சொல்கிறார்கள். ஆசிக்கும் முதல் வாய்க்கும் நடுவில் பேசக் கூடாது என்பது விதி. ஒரு மடக்கு உள்ளே போனதும் திரும்பி உங்களுக்கு லெஹாயிம் சொல்வார்கள், கொஞ்சம் பொறுங்கள்.