புது உணவகத்தின் 90 நாள் விளம்பரத் திட்டம்: வாசகர் கேள்விகள்

திட்டத்தைத் தேதி போட்டு எழுதிவிட்டேன். சமையலறை வேலை இழுப்பதால் திறப்பு இரண்டு வாரம் தள்ளிப்போகும் போலிருக்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்தத் தடவை தேதி போடாதீர்கள். திறக்கும் நாளைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முன் 6 வாரம், பின் 7 வாரம் என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ‘எது முடிந்தபின்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். மெனு அச்சடிப்பது விலை முடிவானபின். திறப்புத் தேதியை அறிவிப்பது உரிமம் கைக்கு வந்து, அடுப்பு எரிந்தபின். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் வருங்காலத் திறப்புத் தேதியை முன்கூட்டியே போடலாம். தேதி தள்ளிப்போனால் முதலில் அங்கே மாற்றுங்கள்.

வெள்ளோட்டத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடலாம்?

பாதி இருக்கைக்கு. நண்பர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள், அதை நம்பாதீர்கள். ஆர்டர் எடுத்த நேரத்தையும் தட்டு மேசைக்கு வந்த நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கூட்டத்துக்கே 35 நிமிடம் ஆகிறது என்றால், திறப்பு வார விளம்பரத்தைக் குறைத்துவிடுங்கள். தாமதமான சாப்பாட்டுக்கு ஆள் சேர்த்தால் மோசமான விமர்சனங்களைக் காசு கொடுத்து வாங்கியதுபோல் ஆகிவிடும்.

மொத்தப் பணத்தையும் திறப்பு வாரத்தில் போட்டால் பேச்சு பரவாதா?

பரவும். ஆனால் அந்த வாரம் புதுசு என்பதற்காகவே கூட்டம் வரும். அது வடிவது பெரும்பாலும் அடுத்த மாதத்தில். அப்போது கையில் ஒன்றும் இல்லாமல் பலர் தள்ளுபடியில் இறங்குகிறார்கள். நானாக இருந்தால் 100 பங்கில் 30 திறப்புக்கு முன், 25 முதல் இரண்டு வாரம், மிச்ச 45-ஐ 3-ஆம் வாரத்திலிருந்து செலவிடுவேன்.

அந்த 45-ல் முதல் வேலை, ஏற்கெனவே வந்தவரைத் திரும்ப வரவழைப்பது. பில்லோடு ஒரு கூப்பன் கொடுங்கள். முழு பில்லுக்கும் தள்ளுபடி வேண்டாம், ஒரு இனிப்போ பானமோ போதும். கூட்டம் குறைந்த கிழமைகளுக்கு மட்டும், 21 நாள் வரை செல்லும்படி வையுங்கள். முதல் வாரக் கூப்பனுக்கு ‘அ’, அடுத்த வாரத்துக்கு ‘ஆ’ என்று குறியீடு இடுங்கள். உதாரணமாக, ‘அ’ 300 கொடுத்து 36 திரும்பின, ‘ஆ’ 280 கொடுத்து 14 என்றால் 12 சதவீதம் 5-க்கு இறங்கிவிட்டது. இனி விளம்பரத்தைக் கூட்டிப் பயனில்லை. முதலில் அந்த இரண்டாம் வாரத்தில் யார் சமையல் பொறுப்பில் இருந்தார், எந்த ஆர்டர்கள் திரும்பி வந்தன என்று பாருங்கள். கூப்பன் கொடுக்கக் கல்லாவில் மறந்துவிடுவார்கள். அப்படி மறந்தால் இந்தக் கணக்கே தப்பு. அதனால் கொடுத்த எண்ணிக்கையை அன்றன்றே பில் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

உணவு வீடியோ போடுபவர்களை எப்போது அழைப்பது?

திறந்து மூன்றாம் வாரம். அதற்குள் பரிமாறும் வேகம் படிந்திருக்கும், அவர்கள் கொண்டுவரும் கூட்டமும் வடிகிற சமயத்தில் வந்து சேரும்.