பட்டைகள் சுருங்கிக் கிடந்து விரியும்போது: நேரலைப் பாரில் எச்சரிக்கை வைப்பது பற்றிய கேள்விகள்

கேள்வி: வணக்கம் ஐயா. டிரேடிங்வியூவின் பைன் நிரலில், பொலிஞ்சர் பட்டையின் அகலம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், அதே நேரம் விரியவும் வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதினேன். மூன்று வாரமாக ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சந்தை அசையவில்லையா, என் நிரல் அசையவில்லையா?

நிரல்தான். ஒரே பாரில், அதாவது வரைபடத்தின் ஒரே காலத் துண்டில், பட்டை சுருங்கியும் இருக்க வேண்டும், விரிந்தும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விரிவு கண்ணில் படும் பாரில் அகலம் ஏற்கெனவே உங்கள் வரம்பைத் தாண்டியிருக்கும், ஆகவே முதல் நிபந்தனை அங்கேயே பொய்யாகிவிடும். பெரும்பாலோர் முதலில் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன்.

அமைதி என்பது முடிந்துபோன பார்களின் கதை. விரிவுதான் இப்போதைய பாரின் கதை. எனவே நிரலுக்கு நினைவு வேண்டும். முந்தைய பார் வரை எத்தனை பார்கள் அமைதியாகக் கழிந்தன என்று ஓர் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். அது போதுமான அளவு ஏறியிருந்து, இந்தப் பார் வரம்பை உடைத்தால் மணி அடிக்கட்டும். எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் மறுபடியும் மௌனம்தான்.

கேள்வி: எனக்கு நேர்மாறான தொல்லை. எச்சரிக்கை வருகிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் வரைபடத்தில் விரிவே இல்லை. மென்பொருள் பொய் சொல்கிறதா?

அது வந்த நொடியில் உண்மைதான். பிறகு உண்மை மாறிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 பார் சராசரி 500, திட்ட விலக்கம் 1 என்று வையுங்கள். மேலும் கீழும் இரண்டிரண்டு விலக்கம் என்றால் பட்டைகளுக்கு இடையே 4 புள்ளி. சராசரியால் வகுத்தால் அகலம் 0.80 சதவீதம். புதிய பார் தொடங்குகிறது, அது வெளியே தள்ளும் பழைய பார் சரியாக 500இல் முடிந்தது என்று கொள்வோம். பாரின் நடுவில் விலை 506ஐத் தொடுகிறது. அந்த நொடியில் 506தான் அந்தப் பாரின் முடிவு விலை என்று சூத்திரம் எடுத்துக்கொள்ளும். திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.65 ஆகிறது, அகலம் 1.32 சதவீதத்துக்குத் தாவுகிறது. ஒரே பாரில் அறுபது சதவீதத்துக்கும் மேலான ஏற்றம், மணி அடித்துவிட்டது. பிறகு விலை இறங்கி 501.2இல் பார் முடிகிறது. இப்போது அதே கணக்கைப் போட்டால் அகலம் 0.83. வரைபடத்தில் மிஞ்சுவது இந்த 0.83 மட்டுமே. 506 ஒரு மெல்லிய திரியாக நிற்கும், பட்டையில் அதன் தடமே இருக்காது.

பார் முடிந்த பிறகு மட்டும் முடிவெடுப்பதே மருந்து. `alert.freq_once_per_bar_close` என்று கொடுத்தால் போதும். அதற்கு ஈடாக ஒரு பார் வரை தாமதமாகும். ஐந்து நிமிடப் பாரில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நாள் பாரில் சிலரால் பொறுக்க முடியாது. அவர்கள் பாரின் நடுவில் வருவதை "முன்னறிவிப்பு" என்று தனிச் செய்தியாக வைத்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே ஒலியில் வைத்தால் சில நாளில் இரண்டையுமே நம்பாமல் போவீர்கள்.

கேள்வி: பார் முடிவு வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். `varip` என்று ஒன்று இருக்கிறதே, அதில் எண்ணிக்கையை வைத்தால் விலை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு டிக்குக்கும் நினைவு இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன், அமைதி எண்ணிக்கை அருமையாக ஏறுகிறது.

ஏறும், ஏறாமல் எங்கே போகும்? `varip` டிக்குகளுக்கு இடையிலும் மதிப்பைக் காப்பாற்றும் என்பது சரி. அதனால்தான் ஒரே பாரில் 40 டிக் வந்தால் உங்கள் எண்ணிக்கை 40 கூடுகிறது. நீங்கள் பார்களை எண்ணவில்லை, டிக்குகளை எண்ணுகிறீர்கள். விறுவிறுப்பான பாரில் டிக் அதிகம் என்பதால் அதுவே நீண்ட அமைதியாகப் பதிவாகிறது. பழைய பார்களிலோ பாருக்கு ஒரு முறைதான் நிரல் ஓடும், ஆகவே சோதனையில் வரும் எண் ஒன்று, நேரலையில் வருவது வேறொன்று. சாதாரண `var` போதும். ஒவ்வொரு டிக்கிலும் அது கடந்த பாரின் முடிவு மதிப்புக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்கும், அதனால் ஒரு பாருக்கு ஒன்றுதான் கூடும்.

கேள்வி: வரம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் கடந்த 125 பார்களில் கீழ்ப் பத்து சதவீதம் என்று வைத்திருக்கிறேன். 15 பார் தொடர்ந்து அமைதி வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கண்ணால் பார்த்தால் நாற்பது பார் சுருங்கிக் கிடக்கிறது, நிரலோ 15ஐ எட்டுவதே இல்லை.

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சதமானம் ஒப்பீட்டு அளவு. 125 பார்களில் கீழ்ப் பத்து சதவீதம் என்றால் பன்னிரண்டு பார் சொச்சம். அமைதி நாற்பது பார் நீண்டால் அந்த நாற்பதும் ஒப்பிடும் கூட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவற்றில் மிக ஒடுங்கிய பன்னிரண்டுக்குத்தான் இடம், மற்றவை எல்லாம் "இயல்பு" ஆகிவிடும். வரம்பும் கீழே இறங்கிக்கொண்டே போகும். நீண்ட அமைதியைத் தேடும் கருவி, அமைதி நீள நீளக் குருடாகிறது.

நான் செய்வது, சுருக்கம் தொடங்கும் பாரில் இருந்த வரம்பை உறையவைத்துவிடுவது. அமைதி முடியும் வரை அதையே பயன்படுத்துகிறேன். ஒப்பிடும் நீளத்தை 250 ஆகவும் சதவீதத்தை 15 ஆகவும் ஆக்கிக்கொள்கிறேன். நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. வரம்புக்குக் கீழே போனால் நுழைவு, வரம்பின் 1.25 மடங்கைத் தாண்டினால் வெளியேற்றம். இல்லாவிட்டால் அகலம் கோட்டின் மேல் நின்று நடுங்கும்போதெல்லாம் எண்ணிக்கை அறுந்துபோகும்.

```
//@version=5
indicator("Squeeze alert")
bw = 4 * ta.stdev(close, 20) / ta.sma(close, 20) * 100
lim = ta.percentile_nearest_rank(bw, 250, 15)
var int quiet = 0
var float ref = na
fire = quiet >= 15 and bw > ref * 1.25
if quiet == 0 and bw < lim[1]
    quiet := 1
    ref := lim[1]
else if quiet > 0
    quiet := bw > ref * 1.25 ? 0 : quiet + 1
plot(bw)
if fire
    alert("Squeeze released", alert.freq_once_per_bar_close)
```

`fire` வரி எண்ணிக்கையை மாற்றும் வரிகளுக்கு மேலே இருப்பதைக் கவனியுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன வரிசை அதுதான். மேலே போட்ட கணக்கில் உறைந்த வரம்பு 0.95 என்றால் வெளியேறும் வாசல் 1.19. 506இல் முடிந்திருந்தால் 1.32 தாண்டியிருக்கும், 501.2இல் முடிந்த 0.83 தாண்டாது. 15 பார், 1.25 மடங்கு இரண்டும் என் கைப்பழக்கம்தான், உங்கள் தரவில் வேறாக வரலாம்.

கேள்வி: உறையவைத்த வரம்பு எவ்வளவு நாள் செல்லும்? இருநூறு பார் கழித்தும் அதே எண்ணா?

இதற்கு என்னிடம் தீர்ந்த பதில் இல்லை. ஏற்ற இறக்கம் நிரந்தரமாகவே குறைந்துவிட்ட பொருளில் உறைந்த வரம்பு பழங்கதையாகிவிடும், அதைத் தாண்டும் விரிவு வரவே வராது. நூறு பாருக்கு மேல் போனால் புதிய வரம்பை எடுத்துக்கொள்ளச் செய்து பார்த்தேன். சில இடங்களில் நன்றாக வந்தது, சில இடங்களில் முதலில் சொன்ன குருட்டுத்தனமே பின்வாசல் வழியாக வந்தது.

கேள்வி: இந்தச் சதமானம் எல்லாம் எதற்கு? பொலிஞ்சர் பட்டை கெல்ட்னர் பட்டைக்குள் போனால் சுருக்கம், வெளியே வந்தால் விரிவு. ஒரே வரி. இதைவிடச் சரியான வழி கிடையாது.

ஒரே வரி என்பது உண்மை, வரலாறு பார்க்கத் தேவையில்லை என்பதும் நல்ல குணம். ஆனால் அது வேறொன்றை அளக்கிறது. பொலிஞ்சர் பட்டை முடிவு விலைகளை மட்டும் பார்க்கும். கெல்ட்னரின் அகலமோ பாரின் உச்சி, அடி, முந்தைய முடிவிலிருந்து தாவிய இடைவெளி எல்லாவற்றையும் சேர்க்கும். விலை மேலும் கீழும் பாய்ந்துவிட்டு ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் முடியும் நாட்களை நினைத்துப் பாருங்கள். முடிவு விலைகள் நெருங்கி நிற்கும், திரிகள் நீளமாக இருக்கும். பொலிஞ்சர் உள்ளே போய்விடும், நீங்கள் அமைதி என்பீர்கள். அந்த அமைதியில் நஷ்டத் தடுப்பு வைத்தவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.

கேள்வி: நான் பைத்தானின் பாண்டாஸில் எழுதியிருக்கிறேன். வரைபடத்தில் வரும் அகலத்தைவிட என்னுடையது எப்போதும் கொஞ்சம் கூடுதல். தரவு தவறா?

தரவு சரியாகவே இருக்கலாம். பாண்டாஸின் `std()` இயல்பாக 19ஆல் வகுக்கும், வரைபடத்தின் `ta.stdev` 20ஆல் வகுக்கும். 20 பாருக்கு வித்தியாசம் சுமார் 2.6 சதவீதம். `std(ddof=0)` என்று கொடுத்தால் பொருந்திவிடும். சதமானத்தோடு ஒப்பிடுபவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது, எல்லாப் பாரும் ஒரே விகிதத்தில் கூடுவதால் வரிசை மாறாது. மேலே கேட்ட கெல்ட்னர் நண்பருக்கு மட்டும் விளிம்பில் சில பார்கள் இடம் மாறும்.

கேள்வி: ஐந்து நிமிடப் பாரில் தினமும் முதல் பாரிலேயே எச்சரிக்கை. காலையில் அதை அணைப்பதே வேலையாகிவிட்டது.

முந்தைய நாளின் கடைசிப் பார்களும் இன்றைய திறப்புப் பாரும் உங்கள் 20க்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரவு முழுவதும் சேர்ந்த மாற்றம் ஒரே பாரில் வந்து இறங்கும்போது பட்டை விரியாமல் என்ன செய்யும்? அது சந்தையின் நேர ஒழுங்கு, நீங்கள் தேடும் விடுதலை இல்லை. திறந்து இருபது பார் வரை எச்சரிக்கையை முடக்குவது எளிய வழி. நுணுக்கம் வேண்டுமென்றால் இப்போதைய அகலத்தை முந்தைய நாட்களின் இதே நேர அகலத்தோடு ஒப்பிடுங்கள். அதைச் செய்தால் நண்பகல் மந்தத்தைச் சுருக்கம் என்று எண்ணும் தவறும் நின்றுவிடும்.

கேள்வி: அண்ணா, எச்சரிக்கை வந்ததும் வாங்கலாமா விற்கலாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தம்பி, திட்ட விலக்கம் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டும். வர்க்கத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் ஒன்றாகிவிடும். 506க்கு விரிந்த அதே பட்டை 494க்கும் அதே அளவுதான் விரியும். முதல் உடைப்பு ஒரு பக்கம் போய் ஏமாற்றிவிட்டு மறுபக்கம் திரும்புவதும் உண்டு, ஜான் பொலிஞ்சரே அதைத் தலையாட்டு ஏமாற்று என்ற பொருளில் பெயரிட்டு எச்சரித்திருக்கிறார். திசைக்கு வேறு சாட்சி தேடு.

கேள்வி: அப்படியானால் பட்டை விரிந்துகொண்டே போகும் வரை நகர்வு தொடர்கிறது என்றாவது கொள்ளலாமா?

கொள்ள முடியாது. அதே கணக்கில் விலை 506க்குத் தாவி, அடுத்த ஒன்பது பாரும் 506ஐ ஒட்டியே பழைய சிறு ஆட்டத்தோடு நிற்கிறது என்று வையுங்கள். பாதிப் பார்கள் 500இல், பாதி 506இல். திட்ட விலக்கம் 3.16, அகலம் 2.5 சதவீதம். விலை ஒன்பது பாராக நகரவே இல்லை, அகலம் 1.32இலிருந்து 2.5க்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதன் பிறகு பழைய 500கள் ஒவ்வொன்றாக வெளியேற, எதுவும் நடக்காமலே பட்டை சுருங்கும். அதனால்தான் மேலே உள்ள நிரல் ஒரு விடுதலைக்கு ஒரே முறை மணி அடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது.