ரெண்டாவது சனிக்கிழமை பேட்ச் போடுவதில் உள்ள சிக்கல்

கேள்வி: மாதாந்திர சர்வர் பேட்ச், மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாருக்கு என்ன அனுமதி இருக்குன்னு சரிபார்க்கிறது, ரெண்டுக்கும் தானா திரும்ப வர்ற டாஸ்க் போட்டு வச்சிருக்கேன். பேட்ச் ரெண்டாவது சனிக்கிழமை. டாஸ்க் எல்லாம் பச்சையா முடியுது, ஆனா ஆடிட்ல மாட்டிக்கிறோம். எங்கே தப்பு?

பதில்: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நானும் ரெண்டாவது சனிக்கிழமைதான் வைத்திருந்தேன். அன்றைக்கு அலுவலகப் பிரிவுக்கு லீவு, பேங்க்கும் கிடையாது, ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் யாரும் போன் போட மாட்டார்கள்.

விண்டோஸ் பேட்ச் வெளிவருவது மாதத்தின் இரண்டாவது செவ்வாய், நம் நேரப்படி ராத்திரி பத்தரை, பதினொன்றரை வாக்கில். இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகுதானே இரண்டாவது சனி வரும் என்று தோன்றும். மாதம் புதன், வியாழன், வெள்ளி, சனி இதில் ஒரு கிழமையில் பிறந்தால் அது தலைகீழ். 2025 அக்டோபர் புதனில் பிறந்தது. இரண்டாவது சனி 11-ஆம் தேதி, இரண்டாவது செவ்வாய் 14. சனிக்கிழமை உட்கார்ந்து போட்டது செப்டம்பர் பேட்ச். அக்டோபர் பேட்சுக்கு நவம்பர் 8 வரை காத்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட நாலு வாரம். அந்த வருடத்தில் 7 மாதம் இப்படித்தான் விழுந்தது. டாஸ்க் பச்சைதான், பேட்ச் பழசு.

எனவே "இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த சனி" என்று வையுங்கள். அது எப்போதும் 12-லிருந்து 18-க்குள் வரும் சனிக்கிழமை. டாஸ்க் டூலில் இப்படி ஒரு விதி கிடைக்காவிட்டால் கிரானில் டிக்கெட் திறக்கலாம். தேதியையும் கிழமையையும் ஒரே வரியில் கொடுத்தால் கிரான் இரண்டில் ஒன்று பொருந்தினாலே ஓடிவிடும். எல்லா சனிக்கிழமையும் டிக்கெட் வந்து நிற்கும். கிழமையைத் தனியாகச் சோதிக்க வேண்டும்:

```
0 9 12-18 * * [ "$(date +\%u)" = 6 ] && /opt/ops/open-ticket.sh
```

நான் டிக்கெட்டைப் புதன் காலையிலேயே திறக்கிறேன் (9-15, எண் 3). வியாழன் ஒரு சோதனை சர்வரில் போட்டுப் பார்த்துவிட்டு, சனி ராத்திரி மீதி.

அடுத்தது, முந்தைய டாஸ்க்கை மூடினால்தான் அடுத்தது பிறக்கும் என்ற அமைப்பு. நிறைய டூல்களில் இது இருக்கிறது. எங்களிடம் தோல் கட்டிங் மெஷினோடு பேசும் ஒரு பழைய சர்வர் உண்டு. வெண்டர் சம்மதம் வரட்டும் என்று அந்த ஒன்றுக்காக டிக்கெட்டைத் திறந்தே வைத்தோம். மூன்று மாதம் புது டிக்கெட்டே வரவில்லை. மற்ற சர்வர்களும் அப்படியே கிடந்தன. திரையில் தெரிந்தது ஒரே ஒரு தாமதம், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது காலண்டர் நாளை வைத்துத்தான் டிக்கெட் பிறக்கிறது. போட முடியாத சர்வருக்கு முடிவுத் தேதியோடு தனி விலக்கு டிக்கெட் போட்டுவிட்டு, மாதத்து டிக்கெட்டை மூடிவிடுவோம்.

மூடும்போது "முடிந்தது" என்று எழுதினால் போதாது. ஒவ்வொரு சர்வரிலும் இதன் விடையை ஒட்ட வேண்டும்:

```
Get-HotFix | Sort-Object InstalledOn -Descending | Select-Object -First 3
(Get-CimInstance Win32_OperatingSystem).LastBootUpTime
```

இரண்டாவது வரி எதற்கென்றால், பேட்ச் இறங்கி ரீஸ்டார்ட்டுக்காகக் காத்துக் கிடக்கிற சர்வர்கள் உண்டு. கடைசி பூட் நேரம் சனி ராத்திரிக்கு முந்தையது என்றால் வேலை முடியவில்லை.

அனுமதிச் சரிபார்ப்பில் எங்களுக்கு நடந்தது சொன்னால் சிரிப்பீர்கள். அந்த டாஸ்க் ஒருவர் பெயரில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனார். டாஸ்க் தவறாமல் அவர் பெயருக்கே போய்க்கொண்டிருந்தது. ஆடிட்டர் கேட்டபோதுதான் பார்த்தோம், விலகிய ஆட்களின் அக்கவுன்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டியவரின் அக்கவுன்ட்டே உயிரோடு இருந்தது! அப்புறம் ஆள் பெயரை எடுத்துவிட்டு ஒரு குழுவின் பெயருக்கு மாற்றினோம்.

இன்னொன்று, பட்டியலை அன்றைக்கே எடுங்கள். போன காலாண்டு எக்செல்லைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. எங்கள் ஸ்கிரிப்ட் டிக்கெட் திறக்கும்போதே அன்றைய அக்கவுன்ட் பட்டியலையும் எச்.ஆர். கொடுத்த விலகியவர் பட்டியலையும் ஒட்டிவிடும். ஒப்பந்த ஆட்கள் எச்.ஆர். பட்டியலில் வரமாட்டார்கள், அவர்களைக் கான்ட்ராக்டரிடம்தான் கேட்க வேண்டும். முதல் தடவை இப்படிப் பார்த்தபோது குடோன் ஸ்கேனருக்காகத் திறந்த பொது அக்கவுன்ட் ஒன்று சம்பளக் கோப்புறை வரை போய்ப் பார்க்கிற அனுமதியோடு கிடந்தது. எதற்குக் கொடுத்தது என்று இன்றுவரை யாருக்கும் ஞாபகமில்லை. அன்று மதியமே வெட்டிவிட்டோம், சாயங்காலம் வரை யாரும் வந்து கேட்கவில்லை.