ஏ.ஐ. படத்தை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, மன்னார்குடி. ஏறுநெற்றி. தை மாதம் கல்யாணம். தஞ்சாவூரில் ஒரு ஹேர் பேட்ச் கடையில் என் போட்டோவையும் நான் கொடுத்த மாடல் போட்டோவையும் ஏ.ஐ.யில் போட்டு, அந்த முடி என் தலையில் இருப்பதுபோல் காட்டினார்கள். பார்க்க அசலாக இருக்கிறது. 18,000 ரூபாய் ஆகுமாம், முன்பணம் 5,000 கேட்கிறார்கள். மூன்று படங்களையும் அனுப்பியிருக்கிறேன். நம்பலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்தில் இருக்கும் நெற்றி உங்களுடையது இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மூன்று படங்களையும் கணினியில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். புருவ மத்தியிலிருந்து தாடை நுனிவரை திரையில் 12 செ.மீ. வரும்படி வைத்துக்கொண்டு, புருவ மத்தியிலிருந்து முடி தொடங்கும் இடம்வரை ஸ்கேல் வைத்து அளந்தேன். உங்கள் சொந்தப் போட்டோவில் 8 செ.மீ. வந்தது. ஏ.ஐ. படத்தில் 6.2. மாடலின் போட்டோவில் 6.1. முடியோடு சேர்த்து அவருடைய நெற்றி அளவும் உங்கள் முகத்துக்கு வந்துவிட்டது. உங்கள் வலது நெற்றியில், முடிக்குச் சற்றுக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது அல்லவா? ஏ.ஐ. படத்தில் அதைக் காணவில்லை. அந்த இடத்தில் முடி வரைந்திருக்கிறது. இடது நெற்றிப்பொட்டில் உங்களுக்கு முடி கூடுதலாக ஏறியிருக்கிறது, படத்திலோ இரண்டு பக்கமும் ஒரே வளைவு.

இது ஏன் நடக்கிறது என்றால், இந்த மென்பொருள்களில் பல மாடல் போட்டோவிலிருந்து முடிப் பகுதியைத் தனியாகப் பிரித்து, உங்கள் முகத்தோடு பொருத்தி, இடைவெளியைத் தாங்களாகவே வரைந்து நிரப்புகின்றன. பொருத்துவதற்கு முகத்தில் அடையாளப் புள்ளிகள் வேண்டும். பரவலாகப் புழங்கும் 68 புள்ளி முறையில் தாடை, வாய், மூக்கு, கண், புருவம் எல்லாம் உண்டு. புருவத்துக்கு மேலே ஒரு புள்ளிகூடக் கிடையாது. அப்படிப் பொருத்தும்போது நெற்றி எவ்வளவு உயரம் என்று சொல்ல உங்கள் முகத்தில் பிடிமானமே இல்லை. மாடலின் முடி எங்கே முடிகிறதோ, அதுவே உங்கள் முடிக்கோடாகிவிடுகிறது.

இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். தலையை நனைத்து முடியைப் பின்னால் வாரிக்கொண்டு, கண் உயரத்தில் கேமராவை வைத்து, ஐந்தடி தள்ளி நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி மேலிருந்து எடுக்கும் செல்ஃபியில் நெற்றி பெரிதாகிவிடும், அளவு பொய்யாகும். புருவத்துக்கும் முடிக்கும் நடுவில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். புதுப் படத்தில் பொட்டுக்கும் முடிக்கும் உள்ள தூரம் குறைந்தாலோ, பொட்டே மறைந்தாலோ நெற்றியைத் திருத்தி வரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மாடல் போட்டோவும் நேராகப் பார்க்கும் முகமாக, முடி நெற்றியில் விழாததாக இருக்கட்டும். முன்முடி தொங்கினால் வேர் எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் உங்களைப் போலவே ஏறுநெற்றி உள்ள ஒருவரின் படமாகத் தேடுங்கள்.

படம் வந்ததும் முடி தொடங்கும் ஓரத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இயற்கையான முடிக்கோட்டில் முதலில் மெல்லிய பூனைமுடிகள் தள்ளித் தள்ளி இருக்கும், அப்புறம்தான் அடர்த்தி. மை வைத்து இழுத்ததுபோல் ஒரே கோடாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, படம் ஒழுங்காகவே வந்தாலும் அது பேட்ச் ஆகிவிடாது. முன் ஓரம் மெல்லிய வலைபோன்ற லேஸா, பிளாஸ்டிக் தோல் போன்றதா என்று கேளுங்கள். தோலிலிருந்து முளைத்ததுபோல் தெரிய லேஸ்தான் ஓரளவு கைகொடுக்கும். அதை டேப்போ பசையோ வைத்து ஒட்டுவார்கள், வியர்வையில் பிடி தளரும். நம் ஊர் வெயிலில், ஹோமப் புகைக்கு முன்னால் உட்காரப் போகிறவர் நீங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி ஒட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடையிலேயே ஐப்ரோ பென்சிலால் முன் ஓரம் வரப்போகும் இடத்தை உங்கள் நெற்றியில் வரையச் சொல்லி, கண்ணாடியில் பாருங்கள். உங்கள் பழைய முடிக்கோடு எங்கே இருந்தது என்று இருபது வயதுப் போட்டோவைப் பார்த்தால் தெரியும். அதற்குக் கீழே ஓரம் இறங்க விடாதீர்கள். அந்தக் கோட்டோடு ஒரு போட்டோ எடுத்து, ஓரம் எங்கே வரும், அது லேஸா, பிளாஸ்டிக் தோலா, பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்ததை மீறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய்வரை மனுக் கட்டணம் கிடையாது. அங்கே ஏ.ஐ. படத்தைவிட அந்தப் பென்சில் கோட்டுப் போட்டோவும் ரசீதும்தான் பேசும்.