9 சதவீதமா, 6.5 சதவீதமா: எஃப்டியில் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு?

கேள்வி: 2012-ல் அப்பாவுக்கு எஃப்டியில் 9% வட்டி கிடைத்தது. இப்போது 6.5% தான் என்கிறார்கள். இந்த வட்டிக்குப் பணம் போடுவது நஷ்டம்தானே?

நஷ்டம் வந்தது அந்த 9 சதவீதத்தில்தான். 6.5-இல் கொஞ்சமாவது மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது. நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடைகளுக்குக் கணக்கும் வருமான வரியும் பார்க்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டும் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

2012-13-இல் சில்லறை விலைவாசி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தது. அப்பா 10 லட்சம் போட்டிருந்தால் ஆண்டு முடிவில் வட்டியோடு 10,90,000. ஆனால் முதல் நாள் 10 லட்சத்துக்குக் கிடைத்த அதே சாமான்களை வாங்க அன்றைக்கு 11 லட்சம் தேவைப்பட்டிருக்கும். ஒரு ரூபாய்கூட எடுக்காமல் வைத்திருந்தாலும் 10,000 துண்டு விழுகிறது.

இப்போது 6.5-க்கு வருவோம். விலைவாசி ஏற்றத்தை 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி பிடித்து வைக்க வேண்டிய இலக்கு அதுதான். ஆண்டு முடிவில் கையில் 10,65,000, அதே சாமான்களுக்குத் தேவை 10,40,000. மிச்சம் 25,000. அந்த 25,000-தான் உண்மையான வருமானம். மீதி 40,000 வட்டி என்ற பெயரில் வந்தாலும், அசல் தேய்ந்ததை ஈடுகட்ட வந்த பணம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த 40,000-ஐயும் சேர்த்துச் செலவழிப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. எங்கள் பெரியப்பா 2012-இல் ஓய்வு பெற்றபோது 10 லட்சத்தை மாத வட்டிக்குப் போட்டார். மாதம் ஏறக்குறைய 7,500 வந்தது. பால், அரிசி, கேஸ், கரண்ட் பில் எல்லாம் அதில் அடங்கி, பேரப்பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கித் தரவும் காசு இருந்தது. "அசலை நான் தொட்டதே இல்லை" என்று இப்போதும் சொல்வார். ரசீதிலும் அதே 10 லட்சம்தான் இருக்கிறது. ஆனால் 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2025-இல் 200-ஐ நெருங்கிவிட்டது. அப்படியென்றால் அந்த ரசீதின் மதிப்பு, அவர் போட்ட காலத்து விலையில், 5 லட்சத்துக்குச் சற்று மேல். இப்போது மாதம் வரும் 5,400 அன்றைய 2,700 மாதிரி. பாலும் கேஸும் பிரஷர் மாத்திரையும் வாங்கினால் தீர்ந்துவிடுகிறது. அசலை அவர் தொடவில்லை; விலைவாசி தொட்டுவிட்டது.

வட்டி குறைவாக இருந்தால் எப்போதும் லாபம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2020-21-இல் பெரிய வங்கிகள் ஓராண்டு எஃப்டிக்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான் தந்தன, விலைவாசியோ 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதுவும் நஷ்டமே. எனவே வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது, பக்கத்தில் விலைவாசி எண்ணை வைத்தே ஆக வேண்டும்.

அந்த விலைவாசி எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 2025 அக்டோபரில் விலைவாசி ஏற்றம் வெறும் 0.25 சதவீதமாக இறங்கியது. முக்கியக் காரணம் காய்கறி, பருப்பு போன்ற உணவுப் பொருட்களின் விலை இறங்கியது. சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போகிறவர்களுக்கு அது கையில் தெரிந்திருக்கும். ஆனால் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாதிச் செலவு போகும் வீட்டில் அந்த எண் பொருந்தாது. அப்பாவின் போன வருடச் செலவையும் இந்த வருடச் செலவையும் நீங்களே எழுதிப் பாருங்கள். 6 சதவீதம் ஏறியிருந்தால் 6-ஐயே கழியுங்கள், அப்போது 6.5-இல் மிஞ்சுவது அரை சதவீதம்தான்.

அப்புறம் வரி. வரி போடுவது முழு வட்டிக்கும். விலைவாசி தின்றதைக் கழித்துவிட்டுப் போடுவதில்லை. அப்பாவுக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் வரியே வராது, வரி கட்ட வேண்டியதில்லை என்று உறுதி கூறும் படிவத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியும் வரி பிடிக்காது. அதே பணத்தை, 30 சதவீத வரி வரம்பில் இருக்கும் உங்கள் பெயரில் போட்டால் 6.5 என்பது 4.5 ஆகிவிடும். விலைவாசிக்கு 4 போனால் பாக்கி அரை சதவீதம். ஆகவே எஃப்டி அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

புதுப்பிக்கும்போது மொத்தத்தையும் மாத வட்டிக்குப் போடாதீர்கள். 10 லட்சத்தில் 4 லட்சத்தை மாத வட்டிக்கும், 6 லட்சத்தை வட்டி அசலோடு சேரும் வகையிலும் பிரித்துப் போடலாம். முதல் பகுதியில் வருடத்துக்கு வரும் 26,000 மேலே சொன்ன 25,000-ஐ ஒட்டியே இருக்கிறது. அதைத் தாராளமாகச் செலவு செய்யலாம்.